ராத்திரி அவசரத்துக்குக் கூப்பிட்டால் எத்தனை மணிச் சம்பளம்? கேள்வி பதில்

டிக்கோயா பக்கத் தேயிலைத் தொழிற்சாலைகளில் 26 வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். கடைசி ஒன்பது வருடம் சங்கத்துக்காக நிர்வாகத்தோடு ஓடி எனும் மேலதிக நேரக் காசு விஷயங்களைப் பேசியதும் நான்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போன ஆளைச் சின்ன வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், வந்தவற்றுக்குப் பதில் கீழே. கணக்கு எளிதாக இருக்க எல்லா இடத்திலும் மாதச் சம்பளம் 48,000 ரூபா என்று வைக்கிறேன். 240ஆல் பிரித்தால் மணிக்கு 200, ஒன்றரை மடங்கு ஓடி என்றால் 300.

தலவாக்கலை, பிட்டர்: ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள் அண்ணன், அரை மணி வேலை. அரை மணி ஓடிதான் வரும் என்கிறார் டீமேக்கர். சரியா?

உங்கள் நியமனக் கடிதத்திலோ கூட்டு ஒப்பந்தத்திலோ வேறு எதுவும் எழுதவில்லை என்றால், டீமேக்கர் சொல்வதை மறுக்க உங்கள் கையில் ஒன்றும் இல்லை தம்பி. அதுதான் இதில் உள்ள அநியாயம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், காசை மட்டும் இன்றைய கணக்கில் போடுகிறேன். கொழுந்து கூடுகிற காலம், ராத்திரி 1.10க்கு போன். டிரையர் காற்றாடி மோட்டர் நின்றுவிட்டது. அரைத்த தூள் தரையில் புளித்துக்கொண்டே இருக்கும், அடுப்புக்குப் போகாவிட்டால் அந்தத் தொகுதி கெட்டுவிடும், அதனால் காலை வரை பொறு என்று யாரும் சொல்ல முடியாது. த்ரீவீல் பிடித்து 1.45க்கு கேட்டுக்குள் போனேன். கன்டாக்டரில் ஒரு முனை கருகி ஒரு பேஸ் வரவில்லை, ஓவர்லோட் விழுந்திருக்கிறது. எனக்குப் போன் போட முன்னாலேயே இரண்டு தடவை ரீசெட் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். கன்டாக்டரை மாற்றி, மூன்று பேஸிலும் கரண்ட் சமமாக இழுக்கிறதா என்று கிளாம்ப் மீட்டரில் பார்த்து முடிக்க 2.20. ஆக 35 நிமிடம். ஓடி 175 ரூபா. த்ரீவீலுக்குக் கொடுத்தது போகவர 2,000. அந்த மாதம் என் கைக்காசைப் போட்டு அவர்களுடைய தூளைக் காப்பாற்றியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நாங்கள் கேட்டு வாங்கியது இதுதான்: "கடமை முடிந்து வளாகத்தை விட்டுச் சென்ற ஊழியரை, முன்கூட்டித் திட்டமிடாத வேலைக்குத் திரும்ப அழைத்தால், வேலை எவ்வளவு குறுகியதானாலும் குறைந்தது 3 மணி நேரத்துக்கு மேலதிக நேர வீதத்தில் கொடுக்கப்படும். நேரம் வாயிலில் நுழைந்ததிலிருந்து தொடங்கும். போக்குவரத்துச் செலவு தனி." இந்த வாசகம் இருந்திருந்தால் அன்று 900 ரூபாவும் த்ரீவீல் காசும் வந்திருக்கும்.

"வளாகத்தை விட்டுச் சென்ற" என்ற சொற்களைக் கவனியுங்கள். கேட்டைத் தாண்ட முன்னால் "கொஞ்சம் நில், இதையும் பார்த்துவிட்டுப் போ" என்றால் அது சாதாரண ஓடி, குறைந்தபட்சம் வராது.

இனி எல்லாருக்கும் ஒன்று. போன் வந்த நேரம், கேட்டில் நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், கூப்பிட்டவர் பதவி, இந்த நான்கையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். கேட் புத்தகத்தில் வாட்ச்மேன் பதியாமல் உள்ளே போகாதீர்கள்.

நுவரெலியா: நாலு மணி கட்டாயம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. மெல்பேர்னில் என் மச்சான் அப்படித்தான் வாங்குகிறார். நீங்கள் ஏன் மூன்று என்கிறீர்கள்?

மச்சான் வாங்குவது உண்மை, ஆனால் அது அங்கே. ஆஸ்திரேலியாவில் தொழில்வாரியாக ஊதிய ஆணைகள் இருக்கின்றன, அவை சட்டம் மாதிரியே கட்டுப்படுத்தும். உற்பத்தித் துறைக்கான ஆணையில் திரும்ப அழைத்தால் குறைந்தது 4 மணி என்று இருக்கிறது. நம் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டுடையது. அதில் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கிறது, ஒருமுறை கூப்பிட்டால் இத்தனை மணி என்ற பிரிவு இல்லை. தோட்டமும் தொழிற்சாலையும் சம்பளச் சபைகளின் கீழ் வரும், உங்கள் தொழிலுக்குரிய தீர்மானத்தைத் தொழில் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மற்றபடி நமக்குக் கிடைப்பது பேசி எழுதி வாங்குவதுதான். நாங்களும் நாலு கேட்டோம், மூன்றில் நின்றது.

பண்டாரவளை, ஹோட்டல் மெயின்டனன்ஸ்: ஒரே ராத்திரி இரண்டு தடவை கூப்பிட்டால் மூன்றும் மூன்றும் ஆறு மணியா?

நல்ல கேள்வி, இதில்தான் நிறையப் பேர் சண்டை பிடிக்கிறார்கள். மேலே சொன்ன அதே ராத்திரியை எடுங்கள். 1.45க்கு நுழைந்தீர்கள், மூன்று மணி 4.45 வரை ஓடுகிறது. 2.20க்கு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். 3.50க்குத் திரும்ப வந்து 4.30க்கு முடித்தால், இரண்டாவது அழைப்பு முதல் மூன்று மணிக்குள் அடங்கிவிடுகிறது என்று எங்கள் ஒப்பந்தம் சொன்னது, ஆகவே 900தான். அதே வேலை 5.25 வரை இழுத்தால் 1.45 முதல் 5.25 வரை தொடர்ச்சியாக எண்ணி 3 மணி 40 நிமிடம், 1,100 ரூபா.

ஒவ்வொரு அழைப்பையும் தனியாக எண்ணுவது என்று எழுதியிருந்தால் 1,800 வரும். இரண்டும் நடைமுறையில் இருக்கிறது. எதுவும் எழுதாமல் "3 மணி" என்று மட்டும் விட்டால் கிளார்க் தனக்குப் பிடித்த மாதிரிக் கணக்குப் போடுவார். ஒப்பந்தம் எழுதும்போதே இந்த ஒரு வரியைச் சேருங்கள்.

ஹட்டன்: 15 நிமிட வேலைக்கு எவ்வளவு?

முதல் பதிலைப் பாருங்கள்.

அப்புத்தளை, ஃபெக்டரி ஒபிசர்: மூன்று மணிக் காசு வாங்குகிறவர் மூன்று மணி வேலை செய்யட்டுமே. ஃபியூஸ் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க 900 ரூபாவா? இப்படிக் கொடுத்தால் வேலையை அரைகுறையாக விட்டு இன்னொரு தடவை கூப்பிட வைப்பார்கள்.

சேர், இதற்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டும். அந்த 900 ஃபியூஸுக்கான விலை இல்லை. தூக்கத்திலிருந்து எழுப்பி, மழையில் மண்சரிகிற ரோட்டில் வர வைத்து, காலை 7 மணிக்குத் திரும்ப வேலைக்கு நிற்க வைப்பதற்கான விலை. அந்தச் செலவு வேலை 10 நிமிடமானாலும் இரண்டு மணியானாலும் ஒன்றுதான், அதனால்தான் நிமிடத்தால் அளக்காமல் ஒரு அடித்தொகை வைக்கிறோம்.

மிச்ச நேரத்துக்கு வேறு வேலை கொடுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் டிரையரைத் திருத்தியவரை அதிகாலை மூன்று மணிக்கு விதரிங் மாடியில் பல்ப் மாற்றவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து அவர் ராத்திரியில் போன் எடுக்கவில்லை. நுவரெலியாக்காரர் சொன்ன ஆஸ்திரேலிய ஆணையிலும், கூப்பிட்ட வேலை முடிந்தால் நாலு மணியும் இருக்கத் தேவையில்லை என்றுதான் இருக்கிறது, இடையில் வேறு எதிர்பாராத பழுது வந்தால் ஒழிய.

அரைகுறை வேலைக்கு வழி இருக்கிறது. முன் பதிலில் சொன்ன வரி, மூன்று மணிக்குள் வரும் இரண்டாவது அழைப்புக்குப் புதுக் காசு இல்லை என்பது, அதைத்தான் தடுக்கிறது.

அதே ஒபிசர்: மூன்று மணி தாண்டி நாலாவது மணியில் பழுதானால்?

புதுக் காசு வரும். உங்கள் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. பழுதைப் பற்றி ஜொப் புத்தகத்தில் மூன்று வரி எழுத வைத்தால் யார் எதை விட்டார் என்று தெரியும்.

மஸ்கெலியா, பிட்டர்: ஒபிசருக்குச் சொல்கிறேன், எங்கள் இடத்தில் ஒரே பம்புக்கு மாதத்தில் ஐந்து தடவை கூப்பிட்டார்கள். பெயரிங் வாங்கித் தரச் சொல்லி இரண்டு மாதம். நாங்களா அரைகுறை?

இதையும் ஒபிசர் வாசிக்கட்டும். அழைப்புக்கு 900 என்று ஐந்து தடவை கணக்கில் ஏறும்போதுதான் அலுவலகம் பெயரிங் விலையைப் பார்க்கத் தொடங்கும். 35 நிமிடம் 35 நிமிடமாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பம்பு யார் கண்ணிலும் படாது. உங்கள் இருவருக்கும் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

வெலிமடை: 40 நிமிட வேலைக்கு?

தயவுசெய்து மேலே வாசியுங்கள். நிமிடம் முக்கியமில்லை, எழுத்தில் என்ன இருக்கிறது என்பதுதான்.

பதுளை: கிளார்க் "மூன்று மணி வேலை செய்தேன்" என்று எழுதச் சொல்கிறார், அப்போதுதான் காசு போட முடியுமாம்.

எழுதாதீர்கள். 35 நிமிடம் நின்றால் 35 நிமிடம்தான் பதிவில் இருக்க வேண்டும், "திரும்ப அழைப்பு, குறைந்தபட்சம் 3 மணி" என்பது தனி வரி. 2.20க்கு வெளியேறியவர் 4.45 வரை உள்ளே இருந்ததாகப் புத்தகம் சொன்னால், 3 மணிக்கு ரோட்டில் த்ரீவீல் கவிழ்ந்து கை உடைந்தபோது நட்டஈடு கேட்கப் போகிறவரின் கதையை அவருடைய கையெழுத்தே பொய்யாக்கிவிடும். கேட் புத்தகமும் செக்ரோலும் ஒத்துப்போகாவிட்டால் வேலையே போகலாம்.

கொட்டகலை: அந்தக் காசுக்கு சேமலாப நிதி பிடிப்பார்களா?

இல்லை, மேலதிக நேரக் காசுக்குப் பிடிப்பதில்லை.

நானுஓயா: காலை 5.30க்குக் கூப்பிட்டார்கள், என் ஷிப்ட் 7 மணிக்கு. மூன்று மணி வருமா?

எங்கள் ஒப்பந்தத்தில் வராது. வேலை ஷிப்டோடு ஒட்டிக்கொண்டால் அது முன்கூட்டித் தொடங்கியதாகக் கணக்கு, ஒன்றரை மணி, 450 ரூபா. ஆனால் 6 மணிக்கே முடித்து உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 7க்குத் திரும்ப வரச் சொன்னால் அது திரும்ப அழைப்புத்தான், மூன்று மணி கேளுங்கள். கேட் புத்தகத்தில் 6 மணிக்கு வெளியேறியது பதிவாகியிருக்க வேண்டும், இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

அரச ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே மெஷின் டெக்னீஷியன்: எங்களுக்கு?

உங்களுக்குத் தாபன விதிக்கோவையும் சுற்றறிக்கைகளும். நான் தனியார் பக்கம் மட்டுமே அறிந்தவன், கணக்குப் பிரிவில் கேளுங்கள்.

நோர்வூட்: எங்கள் லயத்தில் ராத்திரி கரண்ட் போனால் எத்தனை மணியில் வருவார்கள்?

இது வேறு விஷயம் அம்மா. மின் பில்லில் உள்ள நம்பருக்கு அழையுங்கள்.

எல்ல, ஹோட்டல் ஜெனரேட்டர்: வீட்டிலிருந்தே போனில் சொல்லி ஸ்டார்ட் பண்ண வைத்தேன், 20 நிமிடம். இதற்கு மூன்று மணி கேட்கலாமா?

மூன்று மணி கேட்க முடியாது, ஏனென்றால் நீங்கள் வளாகத்துக்குத் திரும்பவில்லை. ஒன்றுமே இல்லை என்பதும் நியாயம் இல்லை, தூக்கம் கெட்டதுதானே. நாங்கள் போன் வேலைக்கு ஒரு மணி ஓடி கேட்டோம். போனில் பேசியதை எப்படி உறுதிப்படுத்துவது என்று நிர்வாகம் கேட்டது, போனில் உள்ள அழைப்புப் பட்டியலைக் காட்டினோம், அதை ஏற்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அது முடியவில்லை. வேறு எங்காவது இதை எழுத்தில் வாங்கியிருப்பவர்கள் அந்த வாசகத்தை இங்கே போடுங்கள்.