அதிவேக வர்த்தகர்களும் டார்க் பூலும்: உங்கள் பணத்தில் எவ்வளவு போகிறது?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன். 401(கே) கணக்கில் இண்டெக்ஸ் ஃபண்டில் ஒரு லட்சம் டாலர் அளவுக்குச் சேர்ந்திருக்கிறது. அதுபோக, போனில் இருக்கும் புரோக்கர் ஆப் வழியாக மாதாமாதம் கொஞ்சம் பங்கு வாங்குகிறேன். "நீங்க பட்டனை அழுத்துறதுக்குள்ள கம்ப்யூட்டர்காரன் முந்திக்கிட்டு வாங்கி விலையை ஏத்திடுவான். பெரிய ஆளுங்க எல்லாம் டார்க் பூல்ல ரகசியமா வியாபாரம் பண்றாங்க. நமக்கு இது வேண்டாம்" என்கிறார் கணவரின் நண்பர். அவர் சொல்வது நிஜமா? பணத்தை எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள். நண்பர் சொல்லும் முந்திக்கொள்ளல் உண்மையில் நடக்கிறது. ஆனால் அது உங்கள் ஆப் ஆர்டருக்கு நடப்பதில்லை. உங்கள் 401(கே) பணத்தை வைத்திருப்பவை போன்ற பெரிய ஃபண்டுகளின் ஆர்டருக்குத்தான் நடக்கிறது. அங்கேயும் போவது சில்லறைதான், அதைப் பிறகு கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் உங்கள் ஆப். ஒரு பங்குக்கு வாங்குபவர்கள் 40.00 டாலர் தருவதாகவும் விற்பவர்கள் 40.01 டாலர் கேட்பதாகவும் வையுங்கள். நீங்கள் 30 பங்குக்கு, கிடைக்கிற விலைக்கு வாங்கு என்று மார்க்கெட் ஆர்டர் போடுகிறீர்கள். அமெரிக்காவில் கமிஷன் வாங்காத பெரும்பாலான புரோக்கர்கள் அதை எந்த எக்ஸ்சேஞ்சுக்கும் அனுப்புவதில்லை. சிட்டாடல் செக்யூரிட்டீஸ், விர்ச்சு போன்ற நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். இவர்களும் அதிவேக வர்த்தகர்கள்தான். அவர்கள் தங்கள் கையிருப்பிலிருந்தே அந்த 30 பங்கை உங்களுக்கு 40.0085 போன்ற ஒரு விலைக்கு விற்கிறார்கள். அதாவது சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைவாக. அந்த ஆர்டரை அனுப்பியதற்காகப் புரோக்கருக்கும் ஒரு தொகை கொடுக்கிறார்கள்.

ஏன் இந்தத் தாராளம்? உங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு லட்சம் பங்கு வாங்கக் காத்திருக்கும் ஆள் யாரும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். உங்களுக்கு விற்ற அடுத்த நொடியே விலை எகிறி அவர்கள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து குறைவு. அதனால் 30 பங்குக்காக உங்களை முந்திக்கொண்டு வாங்கி விலையை ஏற்றுவதில் அவர்களுக்கு லாபமே இல்லை. நாலைந்து சென்ட் உங்களுக்கு மிச்சம், அவ்வளவுதான்.

இதிலும் ஏமாற்று நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அனுப்புவதற்குக் கிடைக்கும் தொகையைப் புரோக்கர் தனக்கு அதிகமாக வாங்கிக்கொண்டால், உங்களுக்குக் கிடைக்கும் விலை மட்டமாகிவிடும். 2020 டிசம்பரில் ராபின்ஹுட் நிறுவனம் இந்த விவகாரத்தில் 6.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. கமிஷன் மிச்சமானதைக் கழித்த பிறகும் மட்டமான விலையால் அதன் வாடிக்கையாளர்களுக்கு 3.4 கோடி டாலர் போனது என்று பங்குச் சந்தை ஆணையம் சொன்னது. எந்த நிறுவனத்துக்கு ஆர்டர் போகிறது, அதற்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதை ஒவ்வொரு புரோக்கரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். 'ரூல் 606 ரிப்போர்ட்' என்று உங்கள் புரோக்கரின் தளத்தில் தேடினால் கிடைக்கும்.

சரி, இப்போது பெரிய ஆர்டருக்கு வருவோம். ஒரு ஃபண்ட் அதே பங்கில் இரண்டு லட்சம் வாங்க வேண்டும். வால் ஸ்ட்ரீட் என்று பெயர் இருந்தாலும் ஆர்டர்களைப் பொருத்தும் கம்ப்யூட்டர்கள் உங்கள் மாநிலத்தில்தான் இருக்கின்றன. நியூயார்க் எக்ஸ்சேஞ்சுக்கு மாவா, நாஸ்டாக்குக்கு எடிசனுக்குப் பக்கத்திலேயே கார்ட்டரெட், சிபோ என்ற எக்ஸ்சேஞ்ச் குழுமத்துக்கு செகாக்கஸ். மூன்று ஊரிலும் 40.01-க்கு விற்பனை ஆர்டர்கள் இருக்கின்றன. ஃபண்டின் ஆர்டர் முதலில் கார்ட்டரெட்டில் போய் அங்கிருந்ததை வாங்கிவிடுகிறது. மாவாவுக்கு நேர்கோட்டில் சுமார் 55 கிலோமீட்டர். கண்ணாடி இழைக் கேபிளில் அந்தத் தூரத்தைக் கடக்க 275 மைக்ரோ நொடியாவது ஆகும். கோபுரம் விட்டுக் கோபுரம் காற்றில் பாயும் மைக்ரோவேவ் சமிக்ஞைக்கு 200 மைக்ரோ நொடிக்குள் போதும். ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வேகக்காரர் கார்ட்டரெட்டில் விற்பனை நடந்ததைப் பார்த்து, 'பெரிய ஆள் வாங்குகிறான்' என்று ஊகித்து, மாவாவிலும் செகாக்கஸிலும் தான் வைத்திருந்த 40.01 விற்பனையை ரத்து செய்துவிட்டு 40.02-க்கு மாற்றிவைக்கிறார். மற்றவர் வைத்திருந்த 40.01 இருந்தால் அதையும் வாங்கிப்போடுகிறார். ஃபண்டின் மிச்ச ஆர்டர் போய்ச் சேரும்போது விலை ஒரு சென்ட் கூடியிருக்கும். கோயம்பேட்டில் ஒரே வியாபாரி ஐம்பது மூட்டை வெங்காயம் தேடி வந்திருக்கிறார் என்று முதல் கடையிலிருந்து பையன் ஓடிப்போய் மற்ற கடைகளில் சொல்வது போலத்தான்.

இதற்குப் பயந்துதான் ஃபண்டுகள் டார்க் பூலுக்குப் போகின்றன. பெயர்தான் பயமுறுத்துகிறது. பெரும்பாலும் வங்கிகளும் புரோக்கர்களும் ஆணையத்தில் பதிவு செய்து நடத்தும் வர்த்தக மேடை அது. யார் எவ்வளவு வாங்க, விற்கக் காத்திருக்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. வியாபாரம் முடிந்ததும் விலையும் அளவும் பொதுவில் வந்துவிடும். விலை பெரும்பாலும் எக்ஸ்சேஞ்ச் விலைகளின் நடுப்புள்ளி, நம் கணக்கில் 40.005. அங்கே பத்தாயிரம் பங்கு கைமாறினால் வாங்குபவருக்கு 50 டாலர், விற்பவருக்கும் 50 டாலர் மிச்சம். இதில் உங்கள் ஃபண்டுக்குத் துரோகம் எதுவும் இல்லை, லாபம்தான்.

ஓட்டை வேறு இடத்தில். அந்த நடுப்புள்ளியை டார்க் பூல் எங்கிருந்து எடுக்கிறது? எக்ஸ்சேஞ்ச்களின் விலைகளைத் திரட்டித் தரும் பொது ஓடை தாமதமாக வரும். காசு கட்டி நேரடி ஓடை வாங்கினால் சீக்கிரம் வரும். ஒரு பூல் பொது ஓடையை நம்பியிருக்கிறது என்று வையுங்கள். எக்ஸ்சேஞ்சில் விலை 40.02, 40.03 என்று ஏறிவிட்டது. பூலுக்கு அது இன்னும் தெரியவில்லை, அங்கே 40.005 என்றே ஓடுகிறது. நேரடி ஓடை வைத்திருக்கும் வேகக்காரர் உள்ளே புகுந்து, விற்கக் காத்திருக்கும் ஃபண்டிடம் ஆயிரம் பங்கை 40.005-க்கு வாங்கி, வெளியே 40.02-க்கு விற்கிறார். 15 டாலர் லாபம், ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. பழைய விலைக்கு விற்றோம் என்பதே ஃபண்டுக்கு உடனே தெரியாது. விற்ற மறுகணமே விலை ஏறுவது அடிக்கடி நடந்தால்தான், ஆர்டர்களைப் பின்னாலிருந்து அலசும்போது பிடிபடும்.

அதனால் எந்த ஓடை, உள்ளே யார் யார் என்பதில் பூல் நடத்துபவர் சொல்லும் வார்த்தைதான் எல்லாம். அந்த வார்த்தையைத்தான் சிலர் மீறினார்கள். பார்க்ளேஸ் வங்கி தன் பூலில் நேரடி ஓடைகளைப் பயன்படுத்துவதாகச் சொல்லிவிட்டுப் பொது ஓடையையும் கலந்து பயன்படுத்தியது. கொத்தித் தின்னும் வேகக்காரர்களை வடிகட்டுவதாகச் சொன்ன ஏற்பாட்டிலும் சொன்னபடி நடக்கவில்லை. தவறை ஒப்புக்கொண்டு 2016 ஜனவரியில் 7 கோடி டாலர் கட்டியது. யுபிஎஸ் பூலில் ஒரு சென்ட்டுக்கும் கீழான பின்ன விலையில் ஆர்டர் வைத்து, முறைப்படி காத்திருப்பவரைத் தாண்டி முன்னால் போக வழி இருந்தது. அதைச் சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் சொல்லியிருந்தார்கள். 2015-ல் 1.44 கோடி டாலர் அபராதம். டார்க் பூலில் எனக்குக் கோபம் வருவது இருட்டு இருப்பதால் அல்ல, 'இங்கே பத்திரமாக இருங்கள்' என்று கூப்பிட்டுவிட்டு ஆளை மாட்டிவிட்டதால். இந்தப் பழைய விலைப் பிரச்சினைக்கு நேர்மையான தீர்வும் வந்திருக்கிறது. ஐஈஎக்ஸ் என்ற மேடையில் உள்ளே வரும் ஆர்டர்கள் 61 கிலோமீட்டர் கண்ணாடி இழைச் சுருளைச் சுற்றி 350 மைக்ரோ நொடி தாமதமாகத்தான் சேரும். அதற்குள் மேடை தன் விலையைப் புதுப்பித்துக்கொள்ளும். டார்க் பூலாகத் தொடங்கிய அது 2016-ல் எக்ஸ்சேஞ்ச் அனுமதி பெற்றது.

இப்போது உங்கள் ஒரு லட்சம். லண்டன் பங்குச் சந்தையின் 2015-ஆம் ஆண்டுத் தகவல்களை வைத்து அக்விலினா, புடிஷ், ஓநீல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்த வேகப் போட்டிக்கு மற்றவர்கள் தரும் விலையை அளந்தார்கள். கைமாறும் தொகையில் 0.42 பேஸிஸ் பாயின்ட் என்று வந்தது. பத்தாயிரம் டாலர் வியாபாரத்துக்கு 42 சென்ட். அமெரிக்காவில் இது அப்படியே பொருந்தும் என்பதில்லை, ஆனால் அளவு புரியும். ஒரு பெரிய இண்டெக்ஸ் ஃபண்ட் வருடத்தில் தன் பங்குகளில் 4 சதவீதத்தை மாற்றுகிறது என்று வைத்தால், உங்கள் பங்கில் 4,000 டாலர் வியாபாரம், அதில் போவது 17 சென்ட். லண்டனைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் வருடத்துக்கு 1.70 டாலர். இதற்காகப் பணத்தை எடுத்தால் வரியும், 59½ வயதுக்கு முன்னால் என்றால் பொதுவாகக் கூடுதலாக 10 சதவீதத் தண்டனையும் சேரும்.

உங்கள் ஆப்பில் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. 2010 மே 6 மதியம், ஒரு பெரிய ஃபண்ட் சுமார் 410 கோடி டாலர் மதிப்புள்ள ஃபியூச்சர்ஸ் என்ற முன்பேர ஒப்பந்தங்களைக் கணினி வழியாக விற்கத் தொடங்கியது. வேகக்காரர்கள் வாங்கி, உடனே ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டுக்கொண்டார்கள். 14 நொடியில் 27,000 ஒப்பந்தங்கள் அவர்களிடையே சுற்றின, மொத்தமாகப் பார்த்தால் அவர்கள் வாங்கி வைத்தது வெறும் 200. பங்குகளிலும் பலர் ஒதுங்கிக்கொள்ள, நல்ல கம்பெனிப் பங்குகள் சில நிமிடம் ஒரு சென்ட்டுக்குக்கூடக் கைமாறின. விலை இவ்வளவு விழுந்தால் விற்றுவிடு என்று ஸ்டாப் லாஸ் போட்டிருந்தவர்களின் ஆர்டர்கள் அந்த விலையில் மார்க்கெட் ஆர்டராக மாறி விற்றுத் தள்ளின. பிறகு, 60 சதவீதத்துக்கு மேல் விலகிய வியாபாரங்களை மட்டும் ரத்து செய்தார்கள். 70 சதவீதம் சரிந்து விற்றவருக்குப் பங்கு திரும்பியது. 45 சதவீதம் சரிந்து விற்றவருக்கு ஒன்றும் இல்லை. விலை எல்லை மீறினால் ஐந்து நிமிடம் வர்த்தகத்தை நிறுத்தும் விதி அதன்பின் வந்தது. ஆனாலும் 2015 ஆகஸ்ட் 24 காலையில், சந்தை திறந்ததும், பங்குபோலவே கைமாறும் ஃபண்டுகளான இடிஎஃப்கள் பல தம்மிடம் உள்ள பங்குகளின் மதிப்பைவிட வெகுவாகக் கீழே கைமாறின.

ஆகவே உங்கள் ஆப்பில் 'ஸ்டாப்' என்று ஏதாவது நிலுவையில் இருந்தால் இன்றே பாருங்கள். அது வேண்டும் என்றால் 'ஸ்டாப் லிமிட்' ஆக மாற்றி, இதற்குக் கீழே விற்கவே வேண்டாம் என்ற விலையைக் குறியுங்கள். விலை அதையும் தாண்டி விழுந்தால் விற்காமல் போகலாம், அது தெரிந்தே போட வேண்டும். மாத வாங்கலுக்கு, இதற்கு மேல் வாங்க வேண்டாம் என்று விலை குறிக்கும் லிமிட் ஆர்டர் வையுங்கள். காலை 9.30-க்குச் சந்தை திறந்ததும் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம், 401(கே) பக்கத்தில் உங்கள் ஃபண்டின் செலவு விகிதத்தைப் பாருங்கள். 0.60 சதவீதம் என்றால் வருடத்துக்கு 600 டாலர். அதே பட்டியலில் 0.04 சதவீத இண்டெக்ஸ் ஃபண்ட் இருந்தால் 40 டாலர். கணக்குக்குள்ளேயே மாற்றினால் வரி கிடையாது.