ஜெர்மன் கணினியில் கமா: ஒரே செல்லில் இருக்கும் எண்களைப் பிரிப்பதற்கு முன்

"அண்ணா, ஜெர்மனிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு கிடங்கின் அலுவலகத்தில் பகுதிநேர வேலை. ஓர் இயந்திரத்தின் மணிவாரிக் கணக்கு மின்னஞ்சலில் 120,135,142,118,127,133 என்று வருவதை எக்செலில் ஒட்டினால் எல்லாம் ஒரே செல்லில் விழுகிறது. தனித்தனி நெடுவரிசையாகப் பிரிப்பது எப்படி? என் மடிக்கணினியில் ஒரு மாதிரியும் அலுவலகக் கணினியில் வேறு மாதிரியும் வருகிறது. வீடு, வங்கிக் கணக்கு பற்றியும் சொல்லுங்கள்."

தம்பி, வீட்டைப் பற்றியும் வங்கியைப் பற்றியும் சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கமாவைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் இரண்டு கணினிகளும் வேறு வேறு விதமாக நடந்துகொள்வதற்குக் காரணம் கமாதான். ஊரிலிருந்து கொண்டுவந்த, ஆங்கில அமைப்பு உள்ள கணினிக்குக் கமா என்பது ஆயிரங்களைப் பிரிக்கும் குறி. ஜெர்மன் அமைப்பு உள்ள கணினிக்கு அதே கமா தசமக் குறி. ஆயிரத்தைப் பிரிக்க இங்கே புள்ளி வைப்பார்கள். நீங்கள் ஒட்டிய அந்த நொடியிலேயே, பிரிக்கும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, எக்செல் தனக்குத் தெரிந்த பொருளில் அதைப் படித்துவிடுகிறது. சேதம் நடப்பது அங்கேதான்.

உங்கள் ஆறு எண்களையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலக் கணினியில் கமாவுக்கு கமா மூன்று இலக்கம் இருப்பதால், ஆறு மணி நேரக் கணக்கு பதினெட்டு இலக்கம் கொண்ட ஒரே எண்ணாக மாறிவிடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காத்து வைக்கும், மிச்சத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடும். எனவே கடைசி மணி நேரத்தின் 133 அழிந்து, மேலே உள்ள ஃபார்முலா பட்டையில் 120135142118127000 என்று நிற்கும். செல்லுக்குள் கமாக்கள் தெரிவதால் பார்வைக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். ஜெர்மன் கணினியில் இதே வரி எண்ணாக மாறாது. ஒன்றுக்கு மேற்பட்ட தசமக் குறி இருக்க முடியாது என்பதால் எழுத்தாகவே நிற்கும். ஆனால் இரண்டு மணி நேரம் மட்டும் வேலை நடந்த நாளில் 120,130 என்று வந்தால், ஜெர்மன் கணினி அதை நூற்றிருபது தசம் ஒன்று மூன்று என்று படித்து, கடைசிப் பூஜ்ஜியத்தை விழுங்கிவிடும். பிறகு எந்த வழியில் பிரித்தாலும் 130 திரும்பி வராது.

கண்டுபிடிப்பது எளிது. எழுத்தாக இருப்பது செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். எண்ணாக மாறியது வலப்பக்கம் ஒதுங்கும். நெடுவரிசையில் ஒரு வரியாவது வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால், பிரிப்பதை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து அதன் வடிவத்தை `Text` என்று மாற்றிவிட வேண்டும். பிறகு வடிவமைப்பு இல்லாத வெறும் எழுத்தாக ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் வடிவத்தை மாற்றுவதால் பயனில்லை.

இனி வரும் மெனுப் பெயர்களை நான் ஜெர்மனிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் வந்த புதிதில், எனக்கு முன்பே இங்கே நிலைத்துவிட்ட நம்மவர்கள், "எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள், ஜெர்மன் மெனு நமக்கு எதற்கு" என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றும் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் தன் திரையில் ஒன்றைச் சரிபார்க்கச் சொன்னால் விழிக்கிறார்கள். நான் ஜெர்மன் மெனுவிலேயே பழகினேன். அதனால்தான் என் கணக்கை யாருடைய கணினியிலும் உட்கார்ந்து சரிபார்க்க முடிகிறது. நீங்களும் அப்படியே பழகுங்கள்.

இப்போது பிரிக்கும் முறை. முதலில், எத்தனை காலி நெடுவரிசைகள் வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மன் எக்செலில் கீழே உள்ளதை ஒரு காலி நெடுவரிசையில் எழுதி இழுத்தால், ஒவ்வொரு செல்லிலும் எத்தனை கமா இருக்கிறது என்று காட்டும்:

```
=LÄNGE(A2)-LÄNGE(WECHSELN(A2;",";""))
```

வருவதில் மிகப் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் உங்களுக்குத் தேவையான நெடுவரிசைகளின் எண்ணிக்கை. ஆறு எண்கள் உள்ள வரிக்கு 5 வரும், ஆக ஆறு. A நெடுவரிசைக்கு வலப்பக்கத்தில் அத்தனை காலி நெடுவரிசைகளைச் செருகுங்கள். என் முதல் அலுவலகத்தில் ஒருவர் இதைச் செய்யாமல் பிரித்ததில், B நெடுவரிசையில் பல வாரங்களாக எழுதி வைத்திருந்த குறிப்புகள் எல்லாம் எண்களால் மூடப்பட்டன. அந்தக் கோப்பு என் கைக்கு வந்தபோது யாரும் அதைச் சொல்லவில்லை. எக்செல் மேலெழுதும் முன் ஒரு கேள்வி கேட்கும். படிக்காமல் சரி என்று தட்டுபவர்களால் வந்த வினை அது.

பிறகு A2 முதல் கடைசி வரி வரை தேர்ந்தெடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு நெடுவரிசையை மட்டுமே பிரிக்க முடியும். `Daten` தாவலில் `Text in Spalten` என்பதை அழுத்தினால் மூன்று படிகள் கொண்ட சாளரம் திறக்கும். முதல் படியில் `Getrennt`. இரண்டாவதில் `Komma` மட்டும் குறியிட்டு, மற்றவற்றை எடுத்துவிடுங்கள். இரண்டு கமாக்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றாகக் கருதும்படி சொல்லும் பெட்டியையும் காலியாக விடுங்கள். ஒரு மணி நேரம் இயந்திரம் நின்றிருந்தால் அந்த இடம் வெற்றாக வரும், அந்தப் பெட்டி குறியிடப்பட்டிருந்தால் அதற்குப் பின் உள்ள எண்கள் எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் நகர்ந்துவிடும். மூன்றாவது படியில் `Zielbereich` என்ற இடத்தில் B2 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் மூலத்தின் மேலேயே எழுதிவிடும். கடைசியாக `Fertig stellen`.

எண்களில் தசமம் இருந்தால் இந்த மூன்றாவது படியில் இன்னொரு வேலை இருக்கிறது. 12.5,13.2 என்று எடைகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியே முடித்தால் ஜெர்மன் எக்செல் அவற்றை மே 12 என்றும் பிப்ரவரி 13 என்றும் தேதியாக்கிவிடும். அதே படியில் `Weitere...` என்ற பொத்தானை அழுத்தி, தசமக் குறியாகப் புள்ளியையும் ஆயிரக் குறியாகக் கமாவையும் கொடுத்தால், செல்லில் 12,5 என்று ஜெர்மன் முறையில் சரியாக விழும்.

வேலை முடிந்த பின் கோப்பை மட்டும் மூடிவிட்டு எக்செலைத் திறந்தே வைத்திருக்காதீர்கள். நீங்கள் கொடுத்த `Komma` என்ற தேர்வை அந்த அமர்வு முழுவதும் எக்செல் நினைவில் வைத்திருக்கும். அதற்குப் பிறகு விலைப்பட்டியல் எதையாவது எழுத்தாக ஒட்டினால், 1.250,00 யூரோ என்பது தானாகவே இரண்டு செல்களாக உடைந்து, கமாவுக்குப் பின் உள்ள பகுதி தனியே பக்கத்துச் செல்லில் நிற்கும். எக்செலை முழுவதுமாக மூடித் திறந்தால் போதும். மூட முடியாத நிலையில், எழுத்து உள்ள ஏதாவது ஒரு செல்லில் மறுபடியும் `Text in Spalten` திறந்து, கமாவை எடுத்துவிட்டு `Tabstopp` மட்டும் வைத்து முடித்துவிடுங்கள்.