அந்த ஒன்பது வருடம்

கணவருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும். ஒன்பது வருடத்தில் நான்கு ஊர் மாறிவிட்டோம். அதற்கு முன் ஐந்து வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது மறுபடி வேலை தேடுகிறேன். நேர்காணலில் "இடையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டதும் வீடு மாறியது, பையனின் பள்ளி என்று பேசிக்கொண்டே போகிறேன். எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். என்னதான் சொல்வது?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடிகாரத்தைப் பார்த்தவரைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. அவர் கேட்டது ஒரு தகவல், நீங்கள் கொடுத்தது ஒரு வாக்குமூலம். "சும்மா வீட்டில்தானே இருந்தாய்" என்று யாரோ எப்போதோ சொன்னதற்கான பதிலை இவரிடம் சொல்கிறீர்கள். நீளமாக விளக்க விளக்க, மறைக்க ஏதோ இருக்கிறதோ என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

மூன்று வாக்கியம் போதும். "கணவரின் வேலை மாற்றலால் ஒன்பது வருடத்தில் நான்கு முறை ஊர் மாறினோம். அந்தக் காலத்தில் நான் வேலைக்குப் போகவில்லை. இப்போது முழுநேர வேலைக்குத் தயாராக இருக்கிறேன்." கைபேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். அரை நிமிடத்தைத் தாண்டினாலோ, 'ஆனால்', 'என்ன பண்றது' என்று வந்தாலோ வெட்டுங்கள். சுயவிவரத்திலும் வருடங்களைப் போட்டு ஒரே வரி. 'இல்ல நிர்வாகி' என்றெல்லாம் பட்டம் சூட்ட வேண்டாம். அந்த வரி படிப்பவரைச் சிரிக்கத்தான் வைக்கும்.

சரி, தயார் என்பதை எப்படிக் காட்டுவது? அதற்குச் சமீபத்திய வேலை ஏதாவது கையில் இருக்க வேண்டும். தெரிந்த ஒரு சிறு கடைக்காரரிடம் மூன்று மாத வரவுசெலவைக் கேட்டு வாங்கி, வங்கிக் கணக்கு அறிக்கையோடு ஒப்பிட்டு எக்செல்லில் சரிபாருங்கள். ஒரு காசோலை இரண்டு முறை பதிவாகியிருக்கும், வங்கிக் கட்டணம் ஒன்று விட்டுப்போயிருக்கும். அதைக் கண்டுபிடித்த விதத்தைச் சொன்னால் பேச்சு தானாக வேலைக்குத் திரும்பிவிடும். கடையின் பெயரையும் தொகையையும் மட்டும் வெளியே சொல்லாதீர்கள். இதைச் செய்யும்போது எந்த இடத்தில் கை தடுமாறுகிறது என்பதும் தெரிந்துவிடும். அதற்கு மட்டும் ஒரு குறுகிய பயிற்சி எடுத்தால் போதும்.

அப்புறம், நேர்காணல் நடத்துபவர்கள் மனதில் ஓடும் இன்னொரு கேள்வி: "மறுபடி மாற்றல் வந்தால்?" இதற்கான பதிலை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த முறை கணவர் மட்டும் போவாரா, எல்லோரும் போவீர்களா? இங்கேயே இருப்பதென்று முடிவானால் கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடலாம். முடிவாகாவிட்டால் பொய் உறுதி கொடுக்காதீர்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய கணக்கு வேலையைத் தேடுவது அப்போது பொருந்தும்.

உங்கள் கடிதத்தில் கணவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த நேர்காணலுக்கு முன்னால் அவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.