இடமாற்றத்தால் வீட்டை முன்கூட்டியே காலி செய்யும் கடிதம்

“வேலை இடமாற்றம் வந்துவிட்டது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. எனக்குப் பதிலாகக் குடிவர ஒருவர் தயார். உரிமையாளருக்கு எப்படி எழுதுவது?”

முதலில் ஒப்பந்தத்தில் முன்கூட்டி விலகும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த விதி எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். இல்லையென்றால், நீங்கள் கேட்பது பெரும்பாலும் சலுகைதான். கடிதத்தின் தொனியும் அப்படியே இருக்கட்டும்.

“ஒரு மாதத்தில்” என்று மொட்டையாக எழுதாமல் தேதியைப் போடுங்கள்: “ஜூன் 30 அன்று சாவியை ஒப்படைக்கிறேன், அதுவரை வாடகை என் பொறுப்பு.” இடமாற்ற உத்தரவின் நகலையும் இணையுங்கள், சம்பள விவரத்தை மறைத்துவிட்டு.

மாற்று ஆள் விஷயத்தில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அவரை நீங்களே குடிவைத்தால் அது உள்வாடகை ஆகிவிடும்; அவர் வாடகை தராவிட்டால் உங்களைத்தான் கேட்பார்கள். அதனால் இந்த வரி கட்டாயம் வேண்டும்: “புதியவருடன் நீங்கள் நேரடியாக ஒப்பந்தம் போடும் நாளோடு என் பொறுப்பு முடிகிறது என்று எழுத்தில் உறுதி தரவும்.” அப்புறம், உங்கள் முன்பணத்தைப் புதியவரிடம் வாங்கிக் கணக்கை நேர்செய்யாதீர்கள். உரிமையாளரிடமிருந்தே திரும்பப் பெறுங்கள்.