மாத நடுவில் சேர்ந்தவருக்கு எத்தனை நாள் சம்பளம்?

கேள்வி: 2025 ஆகஸ்ட் 18-ம் தேதி ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். மாதச் சம்பளம் 39,000 ரூபாய், ஞாயிறு மட்டும் லீவு. முதல் மாத பே ஸ்லிப்பில், பிடித்தம் எல்லாம் போவதற்கு முன்பே 15,097 ரூபாய்தான் இருக்கிறது. கேட்டால் "நாள் கணக்குப்படி சரிதான்" என்கிறார்கள். உண்மையிலேயே சரியா?

பதில்: சரியில்லை. உங்களுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் குறைகிறது.

எத்தனை நாளுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். 15,097-ஐ 31-ஆல் பெருக்கி 39,000-ஆல் வகுத்தால் 12 வருகிறது. இப்போது காலண்டரை எடுங்கள். 18 முதல் 31 வரை, சேர்ந்த நாளையும் சேர்த்து 14 நாள். அதில் 24, 31 இரண்டும் ஞாயிறு. அவற்றைக் கழித்துவிட்டு 12 நாளுக்குச் சம்பளம் போட்டிருக்கிறார்கள். ஆனால் வகுக்கும்போது ஞாயிறுகளையும் சேர்த்து 31-ஆல் வகுத்திருக்கிறார்கள். தவறு அங்கேதான். மேலே ஞாயிறு இல்லையென்றால் கீழேயும் இருக்கக் கூடாது.

காலண்டர் நாள் கணக்கென்றால் 39,000 × 14 ÷ 31, அதாவது 17,613 ரூபாய். வேலை நாள் கணக்கென்றால், அந்த ஆகஸ்டில் ஐந்து ஞாயிறு போக 26 நாள். 39,000 × 12 ÷ 26, சரியாக 18,000 ரூபாய். 27-ம் தேதி விநாயகர் சதுர்த்திக்குச் சம்பளத்தோடு விடுமுறை விட்டிருந்தால் அதுவும் அந்த 12-க்குள் வரும். எல்லா மாதத்தையும் 30 நாளாக வைத்துக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. அங்கே 18,200 ரூபாய் வரும். மூன்றில் எது உங்கள் கம்பெனியின் வழக்கம் என்பதை ஆஃபர் லெட்டரிலோ எச்.ஆர். விதிமுறையிலோ பாருங்கள். எதுவானாலும் 15,097 வராது.

எச்.ஆருக்கு மெயில் அனுப்பும்போது, "எத்தனை நாளை எத்தனை நாளால் வகுத்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அந்த இரண்டு எண்ணையும் எழுதும்போதே பிழை அவர்களுக்குத் தெரிந்துவிடும். பாக்கியை அடுத்த மாதச் சம்பளத்தில் அரியராகப் போடலாம். அப்புறம் பி.எஃப். பிடித்தத்தையும் ஒரு முறை பாருங்கள். அதை முழு மாத அடிப்படைச் சம்பளத்துக்குப் பிடிக்கக் கூடாது. உங்கள் அடிப்படைச் சம்பளம் 19,500 என்று வைத்துக்கொண்டால், 14 நாளுக்கு அது 8,806 ரூபாய். அதில் 12 சதவீதம் 1,057 ரூபாய்தான்.

வேலையை விடும்போதும் இதே கணக்குதான், சேரும்போது எதனால் வகுத்தார்களோ அதனால்தான் வகுக்க வேண்டும். அப்போது ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியைக் கவனியுங்கள். சனிக்கிழமை வரை வேலை பார்த்து, அதே தேதியில் விடுவித்தால், காலண்டர் நாள் கணக்கில் மறுநாள் ஞாயிறுக்குச் சம்பளம் வராது.