காரணம் சொல்லாத ‘நிலுவை’

“கீழக்கரைப் பக்கம் எங்கள் வீடு. தண்ணீர் பில்லில் முன் அளவு 412, இப்போதைய அளவு 418, யூனிட் 10 ரூபாய், குறைந்தபட்சக் கட்டணம் 150, நிலுவை 900. மாதம் தவறாமல் கட்டினேன். நிலுவை எப்படி வந்தது?”

அண்ணே, முதலில் மீட்டரைப் பாருங்க. உப்புக்காற்றில் கண்ணாடி மங்கியிருக்கும், ஈரத்துணியால் துடைத்துவிட்டு கறுப்பு எண்களை மட்டும் படிங்க. அவைதான் யூனிட், ஒன்றுக்கு 1,000 லிட்டர். சிவப்பு எண்கள் அதற்குக் கீழே உள்ள லிட்டர் கணக்கு. கறுப்பில் 418 அல்லது சற்றே கூடுதலாக இருந்தால் அளவெடுத்தது சரி. ஆறு யூனிட்டுக்கு 60 ரூபாய்தான் ஆகிறது, அது குறைந்தபட்சத்தைத் தொடாததால் 150 போட்டிருக்காங்க. அதில் தப்பில்லை.

சந்தேகப்பட வேண்டியது அந்த 900. அதை 150-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 6 வருகிறது. கூடுதலாக ஓடிய தண்ணீருக்கான தொகை இப்படிச் சரியாக வகுபடுவது அபூர்வம். ஆறு மாதக் குறைந்தபட்சக் கட்டணம் உங்கள் கணக்கில் வரவு ஆகவில்லை என்றே எனக்குப் படுகிறது.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. ரசீதில் இணைப்பு எண்ணின் கடைசி இலக்கம் 7-க்குப் பதில் 1. பணம் முழுக்க வேறொரு வீட்டுக் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது.

உங்கள் ரசீதுகளின் இணைப்பு எண்ணை பில்லோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்க. பிறகு அலுவலகத்தில் உங்கள் எண்ணுக்கான கேட்பு, அதாவது கட்டச் சொன்ன தொகை, வசூல், நிலுவை விவரத்தை மாதவாரியாகக் கேளுங்க. வசூல் காலியாக உள்ள மாதங்களின் ரசீது நகலை மனுவோடு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்க. நடப்பு 150-ஐ மட்டும் இப்போதே கட்டிவிடுங்க, அதுவும் நிலுவையில் சேர்ந்துவிடக் கூடாது.