கார்டு கடனோடு பெங்களூரில் முதல் வருஷம்

"அண்ணா, பெங்களூர் வந்து மூணு மாசம் ஆச்சு. கைக்கு 24,000 வருது. கிரெடிட் கார்டில் 60,000 நிக்குது. மாசாமாசம் மினிமம் 3,000 கட்டியும் குறையவே மாட்டேங்குது. ஊரில் அம்மாவோட ரெண்டு பவுன் சங்கிலி தவிர வேற ஒண்ணும் இல்லை. எதில் ஆரம்பிக்கிறது?"

தம்பி, முதல்ல ஸ்டேட்மென்ட்டில் வட்டி எவ்வளவுன்னு பாருங்க. நிறைய கார்டுகளில் மாசத்துக்கு 3.5 சதவீதம் அளவுக்கு இருக்கும். 60,000-க்கு அது 2,100 ரூபாய், அது மேல 18 சதவீத ஜிஎஸ்டி 378. நீங்க கட்டுற 3,000-ல் அசலுக்குப் போறது 522 தான். பாக்கி நிக்கிற வரைக்கும் புதுசா வாங்குற சாமானுக்கும் வாங்கின நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால இனி அந்தக் கார்டை எடுக்காதீங்க.

அம்மா மனசார ஒத்துக்கிட்டா, ஊர் வங்கியில் அவங்க பேரிலேயே சங்கிலியை அடகு வெச்சு, கார்டை மொத்தமா அடைச்சிடுங்க. நகைக்கடன் வட்டி வருஷத்துக்கு 10 சதவீதம்னு வெச்சுக்கிட்டா முதல் மாச வட்டி 500 ரூபாய். மாசம் 5,500 கட்டினா பன்னிரண்டு மாசத்தில் முடியும், மொத்த வட்டி 3,200 கிட்ட வரும். அதே 5,500-ஐக் கார்டுக்குக் கட்டினா பதினஞ்சு மாசம் இழுக்கும், வட்டியே 21,000 தாண்டும்.

இதில் ரெண்டு இடத்தில் கவனம் வேணும். கார்டை அடைச்ச பிறகும், கடைசி ஸ்டேட்மென்ட்டுக்கும் நீங்க கட்டின நாளுக்கும் நடுவில் ஓடின வட்டி அடுத்த மாசம் சின்னத் தொகையா வரும். பூஜ்யம் ஆயிடுச்சுன்னு பார்க்காம விட்டா தாமதக் கட்டணம் விழும். இன்னொண்ணு, நகைக்கடனில் வருஷக் கடைசியில் மொத்தமா கட்டுற வகைதான் அதிகம். மாசாமாசம் அசலில் கொஞ்சம் கட்டலாமான்னு வைக்கும்போதே கேளுங்க. இல்லேன்னா வருஷம் முடியும்போது 60,000-மும் அப்படியே நிக்கும், சங்கிலி ஏலத்துக்குப் போற நிலைமை வரும்.

மாரத்தஹள்ளி பக்கம் மூணு பேர் தங்குற பிஜி சாப்பாட்டோட 8,000-னு வெச்சுப்போம். ஊருக்கு 5,000, பஸ், போன், சில்லறைக்கு 3,000. மிச்சம் 8,000. அதில் 5,500 கடனுக்கு, 1,500 தனி சேமிப்புக் கணக்குக்கு, 1,000 கைச்செலவுக்கு. அந்த 1,500-ஐ மட்டும் நிறுத்திடாதீங்க. காய்ச்சல் வந்தா திரும்பக் கார்டைத் தேய்க்க விடாம காப்பாத்துறது அதுதான்.

சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்தம் 1,800 இருக்கான்னு பாருங்க. இருந்தா கம்பெனி பங்கில் பென்ஷனுக்குப் போனது போக 550-ம் உங்க கணக்கில் சேரும். மாசம் 2,350, வருஷத்துக்கு 28,200. சேமிப்பு 18,000 சேர்த்தா 46,200. மைனஸ் 60,000-ல் இருந்த கணக்கு இப்படித்தான் ப்ளஸ்ஸுக்கு வரும், சங்கிலியும் அம்மா கைக்குப் போயிடும்.

வருஷ நடுவில் வேலை மாறினா பிஎஃப்பை எடுத்துச் செலவு பண்ணாதீங்க, தம்பி. புதுக் கம்பெனியில் அதே யுஏஎன் நம்பரைக் கொடுத்து, பழைய கணக்கு மாறி வந்துடுச்சான்னு பாஸ்புக்கில் பார்த்துக்கோங்க.